தம்பலகாமம் சிவந்த கதை: வரைபட நிறங்களோடு ஐந்து ஆண்டுகள்

கிண்ணியாவிலிருந்து நண்பன் நேற்றுக் கேட்டான்: "அறிக்கையில் ஏற்ற இறக்கம் காட்டும் வரைபடத்துக்கு ஒரே நிறத்தை வெளிரிலிருந்து அடர்த்தியாக்கிப் போடவா, சிவப்பும் நீலமுமாகப் போடவா மச்சான்?" ஐந்து ஆண்டுகளாக QGIS என்ற வரைபட மென்பொருளில் இரண்டோடும் மல்லுக்கட்டியவன் நான்.

ஏக்கருக்கு எத்தனை கிலோ விதைநெல் போனது என்பது போல, குறைவிலிருந்து கூடுதலுக்கு ஏறும் எண்ணுக்கு `Blues` என்ற ஒரே நீல வரிசை போதும். அடர்ந்த இடம் கூடுதல் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கோபமெல்லாம் `RdBu` என்ற சிவப்பு நீல வரிசை மீதுதான்.

விதைநெல் வியாபாரி ஒருவருக்காக, திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் விற்பனை முந்தைய ஆண்டைவிட எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று வரைந்தேன். ஏற்ற இறக்கத்துக்கு இருநிற வரிசைதான் முறை: பூச்சியத்துக்குக் கீழே சிவப்பு, மேலே நீலம், நடுவில் வெள்ளை. மிகப் பெரிய இறக்கம் −10 சதவீதம், மிகப் பெரிய ஏற்றம் +40. `Equal Interval` கொடுத்து ஐந்து வகுப்பாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக விழுந்தது. படம் அழகாகத்தான் இருந்தது.

முதலாளி தாளைப் பார்த்ததும் முகம் மாறினார். "தம்பலகாமத்தில் நமக்கு நட்டமா?" அங்கே விற்பனை +6. ஆனால் படத்தில் இளஞ்சிவப்பு. நாம் சொல்லாவிட்டால் மென்பொருளுக்குப் பூச்சியம் தெரியாது. −10க்கும் +40க்கும் நடுப்புள்ளி +15 என்பதால் வெள்ளை 10–20 வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்த ஏற்றமெல்லாம் சிவந்துபோனது.

பிறகு எல்லைகளைக் கையால் எழுதினேன்: −40, −20, 0, 20, 40. நான்கு வகுப்பு, பூச்சியத்தின் இருபுறமும் சமம். தம்பலகாமம் இளநீலமானது. −10 கண்ட பிரிவு இளஞ்சிவப்போடு நின்றது. அடர்சிவப்பு படத்தில் எங்குமே இல்லை. இறக்கம் சிறியது என்பதை அந்த இல்லாமையே காட்டியது. இதற்காக அந்த வரிசையைப் பாராட்டத்தான் வேண்டும். குறிவிளக்கத்தில் வெறுமனே நிற்கும் அடர்சிவப்புக் கட்டத்தை "இது எந்த ஊர்?" என்று கேட்பவர்கள் உண்டு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வகுப்புகளைத் தானாகப் பிரிக்கும் `Classify` பொத்தானை ஞாபகமறதியாக மறுபடி அழுத்தி, கையால் எழுதிய எல்லைகள் அத்தனையும் அழிந்துபோன இரவுகளைத்தான் பொறுக்க முடியவில்லை.

கடைசி அடி நிழற்பிரதி இயந்திரத்தில் விழுந்தது. முதலாளி தன் ஆட்களுக்குக் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்துக் கொடுத்தார். இளஞ்சிவப்பும் இளநீலமும் ஒரே சாம்பல். இறங்கிய ஊரும் ஏறிய ஊரும் அண்ணன் தம்பி போல நின்றன. அன்றிலிருந்து ஒவ்வொரு பிரிவின் மேலும் கூட்டல் கழித்தல் குறியோடு எண்ணை எழுதிவிடுகிறேன்.

நண்பனுக்கு `RdBu` தான் சரி, பூச்சியத்தை நடுவில் வை என்று சொன்னேன். என் அடுத்த அறிக்கைக்கு `Blues` தான். ஏற்ற இறக்கத்துக்கு அது பிழை என்று தெரியும். இருந்தாலும் தம்பலகாமத்தை இன்னொரு முறை சிவக்கவிட எனக்கு மனமில்லை.