பழைய கேமிங் போன் வாங்கும்போது: ஒரு நிமிடச் சோதனையா, இருபது நிமிடச் சோதனையா?

போனின் கிராஃபிக்ஸ் வேகத்தை அளக்கும் 3DMark செயலியில் Wild Life சோதனை ஒரே நிமிடம்தான். வரும் மதிப்பெண்ணை, செயலியே காட்டும் அதே மாடலின் சராசரியோடு ஒப்பிடலாம். வெகுவாகக் குறைந்தால் முதலில் பவர் சேவிங்கை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஆனால் போன் சூடாகி வேகம் குறைவதற்குள் இது முடிந்துவிடும். விற்பவருக்குப் பிடித்த சோதனை இதுதான்!

Wild Life Stress Test அதையே 20 முறை தொடர்ந்து ஓட்டும். கவரைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கி, பாதிக்கு மேல் சார்ஜோடு தொடங்குங்கள். மிக உயர்ந்த சுற்றில் 5010, மிகக் குறைந்ததில் 3006 என்றால் நிலைத்தன்மை 60%. மதிப்பெண்ணை 167ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது தெரியும்: 30ல் இருந்து 18.

இந்தச் சரிவு மட்டுமே பழுது ஆகாது. சில மாடல்கள் புதிதிலேயே இப்படித்தான். அதே மாடலுக்கு மற்றவர்கள் 85% பெறும்போது இதில் 60% வந்தால் சந்தேகப்படலாம். பின்மூடியைத் திறந்து வேலை பார்த்தவர் சூட்டைக் கடத்தும் கிராஃபைட் தாளையோ தெர்மல் பேஸ்ட்டையோ சரியாகத் திருப்பி வைக்காமல் விட்டிருக்கக்கூடும். நடுவில் போன் அணைந்தால் பெரும்பாலும் பேட்டரி தேய்ந்திருக்கும். நேரம் ஒன்றுக்குத்தான் என்றால், இரண்டாவதையே ஓட்டுங்கள். அதன் முதல் சுற்றிலேயே ஒரு நிமிடச் சோதனையும் அடங்கிவிடுகிறது.