ஸ்லைடில் படமாக ஒட்டிய சமன்பாட்டை மாற்றினால் என்ன கிடைக்கும், எது எரிச்சலூட்டும்

பவர்பாயிண்டில் படமாக ஒட்டிவைத்த சமன்பாடுகளை எல்லாம் திரும்பத் தட்டச்சு செய்வது மெனக்கெடலுக்குத் தகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தெளிவு மட்டும்தான் கணக்கு என்றால், கட்டாயம் தகும். 300 பிக்சல் அகலப் படத்தை 1200 பிக்சலுக்கு இழுத்தால் ஒவ்வொரு பிக்சலும் பதினாறு பிக்சல் இடத்தில் பரவுகிறது. கீழ்க்குறியில் இருக்கும் i-யின் புள்ளி தண்டோடு ஒட்டிவிடும். சமன்பாடாகவே தட்டச்சு செய்தது எழுத்துருவின் கோடுகளால் வரையப்படுகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு மங்காது.

சராசரிக்கான சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். பழைய படத்தை அழிக்காமல் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட உதவும். புதிய உரைப்பெட்டியில் கர்சரை வைத்து, விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, விண்டோஸில் Alt + = அழுத்துங்கள். பிறகு இப்படி:

```
\mu =1/N \sum_(i=1)^N x_i
```

இடைவெளி விட விட உருவம் மாறும். கடைசியிலும் ஒரு இடைவெளி தட்டுங்கள். அடைப்புக்குறியை விட்டுவிட்டு `_i=1` என்று அடித்தால் i மட்டும் கீழே போய், =1 வரியிலேயே நின்றுவிடும். போட்ட அடைப்புக்குறி இறுதி வடிவத்தில் மறைந்துவிடும் என்பதால் தயங்காமல் போடலாம்.

என்னை விடாமல் எரிச்சலூட்டுவது அளவு மாற்றும் விதம். படத்தைப் போல மூலையைப் பிடித்து இழுத்தால் பெட்டிதான் பெரிதாகும், சூத்திரம் அப்படியே இருக்கும். பெட்டியின் விளிம்பைக் கிளிக் செய்து Ctrl + Shift + > அழுத்தி எழுத்தளவைக் கூட்ட வேண்டும். இதைவிட மோசம், அதே வரியில் "இங்கு" என்று ஒரு சொல் சேர்த்தாலும் பின்னம் சுருங்கி, ∑ என்ற கூட்டுத்தொகைக் குறிக்கு மேலும் கீழும் இருந்த எல்லைகள் பக்கவாட்டுக்குப் போய்விடும். ஏதோ கெட்டுவிட்டது என்று தேட வேண்டாம். சூத்திரம் உரைவரிக்குள் அடங்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். சொல்லை வேறு பெட்டிக்கு மாற்றினால் பழைய வடிவம் திரும்பும். எழுத்துரு பிடிக்கவில்லை என்றாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நிறத்தையும் அளவையும் மாற்றலாம். உரைக்குப் போடும் எழுத்துருவை இதற்குப் போட்டால் ஏற்காது, இயல்பாக வரும் கேம்ப்ரியா மேத் எழுத்துருவோடுதான் பெரும்பாலும் வாழ வேண்டும்.

இன்னொன்று, கோப்புக்குள் சமன்பாட்டோடு ஒரு மாற்றுப் படமும் சேமிக்கப்படுகிறது. சமன்பாட்டைப் புரிந்துகொள்ளாத செயலியில் திறந்தால் அந்தப் படம்தான் தெரியும், திருத்தவும் முடியாது. வேறு செயலியில் காட்டப்போகிறவர்களுக்குப் பிடிஎஃப் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.

தெளிவுக்கு முழு மதிப்பெண் கொடுத்த பிறகும், நாற்பது சமன்பாடு கொண்ட பழைய கோப்பை ஒரே மூச்சில் மாற்றச் சொல்ல மாட்டேன். அந்த இழுக்கும் தொல்லையிலேயே பொறுமை போய்விடும். திருத்த வேண்டியவற்றையும், திரையில் பெரிதாகக் காட்டுபவற்றையும் மட்டும் இப்போது மாற்றுங்கள்.