பாரசீகப் பூனையின் சடை: சீப்பா, ட்ரிம்மரா?

முடிச்சுக்கும் தோலுக்கும் இடையில் சீப்பு நுழைகிறதா என்று முதலில் பாருங்கள், நுழைந்தால் சீப்பு போதும், நுழையாமல் தோலோடு ஒட்டிக் கிடந்தால் ட்ரிம்மர்தான்.

சீப்பு என்றால் முடிச்சின் மேல் கொஞ்சம் கார்ன்ஃப்ளோர் தூவி, அடிமுடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு (இழுப்பு தோலுக்குப் போகாமல் இருக்கத்தான் இது) நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். பூனை வாலை அடிக்க ஆரம்பித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். முடி மிஞ்சும், ஆனால் நேரம் பிடிக்கும்.

ட்ரிம்மர் வேகமானது. பத்தாம் எண் பிளேடைத் தோலோடு படுக்கையாக வைத்து, தோலை லேசாக இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டும், பிளேடு சூடாகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். அக்குள், தொடை இடுக்கு இரண்டிலும் தோல் மடிந்து பிளேடில் மாட்டும், அதனால் அங்கே சடை இருந்தாலும், உடம்பு முழுக்கச் சடை கட்டியிருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

கத்தரிக்கோல் மட்டும் வேண்டவே வேண்டாம்! சடை தோலையும் சேர்த்து மேலே தூக்கி வைத்திருக்கும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். சடையோடு குளிப்பாட்டவும் கூடாது, நனைந்தால் இன்னும் இறுகும்.

அப்புறம், தினமும் இரும்புச் சீப்பால் அடிமுடி வரை சீவுங்கள். பிரஷ் பெரும்பாலும் மேல்முடியை மட்டும் பளபளப்பாக்கும், சிக்கு அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். காதின் பின்புறத்தையும் வயிற்றையும் விட்டுவிடாதீர்கள்.