மூன்று z அட்டவணைகள்: எது உங்கள் பிழையைக் காட்டிக்கொடுக்கும்?

மூல மதிப்பை z ஆக மாற்றுவதில் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. சராசரியைக் கழி, திட்டவிலக்கத்தால் வகு, அவ்வளவுதான். தவறு அதற்கு அடுத்த நிமிடத்தில், அட்டவணையில் விரல் வைக்கும்போது நடக்கிறது. z = 1.25 என்று சரியாகக் கண்டுபிடித்த ஒருவர் 0.3944 என்று எழுதுவார், பக்கத்தில் இருப்பவர் 0.8944 என்பார், மூன்றாமவர் 0.1056 என்பார். மூவரும் தங்கள் தங்கள் புத்தகத்தைச் சரியாகத்தான் வாசித்திருப்பார்கள்.

காரணம், 'திட்ட இயல்நிலைப் பரவல் அட்டவணை' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு அட்டவணைகள் உலவுகின்றன. முதலாவது, நடுக்கோட்டிலிருந்து (z = 0) நம் z வரை உள்ள பரப்பைத் தருகிறது. இரண்டாவது குவிவு அட்டவணை. வளைவின் இடது கோடியிலிருந்து z வரை உள்ள மொத்தப் பரப்பையும் தருகிறது. மூன்றாவது வால் அட்டவணை. z-க்கு வலப்பக்கம் மிஞ்சியிருக்கும் பரப்பு மட்டும் அதில் இருக்கும். மூன்றும் ஒரே வளைவைப் பற்றியவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக 0.5-ஐக் கூட்டினாலோ கழித்தாலோ போதும், அல்லது 0.5-இலிருந்தோ 1-இலிருந்தோ கழித்தால் போதும். அப்படியானால் எதை வைத்துக்கொண்டாலும் ஒன்றுதானே என்று தோன்றும். கணக்கைச் சரியாகச் செய்யும்வரை ஒன்றுதான். தவறாகச் செய்யும்போதுதான் வித்தியாசம் பெரிது. அதைத்தான் இங்கே ஒப்பிடப் போகிறேன்.

முதலில், கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்கும் வழி. தலைப்பை நம்ப வேண்டாம், பல அட்டவணைகளில் தெளிவான தலைப்பே இருக்காது. மேலே சிறியதாக ஒரு மணி வளைவு வரைந்து, ஒரு பகுதிக்கு நிழல் போட்டிருப்பார்கள். அது இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் இரண்டே இடங்களைப் பாருங்கள்:

| | z = 0.00 | z = 1.00 |
|---|---|---|
| நடுவிலிருந்து அளப்பது | 0.0000 | 0.3413 |
| குவிவு | 0.5000 | 0.8413 |
| வால் | 0.5000 | 0.1587 |

முதல் கட்டத்தில் 0.0000 இருந்தால் அது நடுவிலிருந்து அளப்பது. 0.5000 என்றால் மற்ற இரண்டில் ஒன்று. கீழே போகப் போக எண் வளர்ந்தால் குவிவு, தேய்ந்தால் வால். பத்து விநாடி வேலை. இதைச் செய்யாமல் கணக்கைத் தொடங்கவே கூடாது என்பேன்.

சரி, இனி ஒரே கணக்கை மூன்றிலும் போட்டுப் பார்ப்போம். ஒரு திறன் தேர்வில் ஒரு வேலையை முடிக்க ஆகும் நேரம் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 62 விநாடி, திட்டவிலக்கம் 8 விநாடி.

முதல் கேள்வி: 72 விநாடிக்கு மேல் எடுப்பவர்கள் எத்தனை பங்கு? z = (72 − 62) / 8 = 1.25. அட்டவணையில் 1.2 என்ற வரிசைக்குப் போய், 0.05 என்ற நிரலில் நிறுத்த வேண்டும். நடுவிலிருந்து அளப்பதில் 0.3944 கிடைக்கும். வலது பாதியின் மொத்தம் 0.5, ஆகவே 0.5 − 0.3944 = 0.1056. குவிவில் 0.8944 கிடைக்கும். 1 − 0.8944 = 0.1056. வால் அட்டவணையில் கழித்தல்கூட வேண்டாம், 0.1056 நேராகவே அங்கே இருக்கிறது. நூறில் பத்து பேருக்குச் சற்று மேல்.

இப்போது தவறாகச் செய்து பாருங்கள். குவிவு அட்டவணை வைத்திருப்பவர் கழிக்க மறந்து 0.8944 என்றே எழுதினால், நூறில் 89 பேர் சராசரியைவிட பத்து விநாடி அதிகம் எடுக்கிறார்கள் என்று ஆகிறது. சராசரிக்கு மேலே இருப்பவர்களே பாதிப் பேர்தான். அதிலும் ஒரு பகுதிதான் 72-ஐத் தாண்ட முடியும். விடை கண்ணில் குத்துகிறது. அதே ஆள், நடுவிலிருந்து அளக்கும் அட்டவணைக்கான சூத்திரத்தைக் குவிவில் போட்டால் 0.5 − 0.8944 = −0.3944 வரும். நிகழ்தகவு எதிர்மறையாக முடியாது, இதுவும் உடனே மாட்டிக்கொள்ளும்.

நடுவிலிருந்து அளக்கும் அட்டவணையில் கழிக்க மறந்தால்? 0.3944. பாதிக்குக் கீழேதான் இருக்கிறது, பார்க்க நியாயமாகவும் இருக்கிறது. எங்கும் இடிக்காது. உண்மை விடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு, ஆனாலும் சத்தமே போடாமல் தாளில் உட்கார்ந்திருக்கும்.

வால் அட்டவணையும் இந்த விஷயத்தில் அப்படித்தான். அதை நடு அட்டவணை என்று நினைத்து 0.5 − 0.1056 என்று போட்டாலும் அதே 0.3944 வந்து நிற்கும்.

இரண்டாவது கேள்வி: 56 விநாடிக்குள் முடிப்பவர்கள்? z = (56 − 62) / 8 = −0.75. இங்கேதான் அதிகம் பேர் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். நடு அட்டவணையிலும் வால் அட்டவணையிலும் பொதுவாக எதிர்மறை z கிடையாது. வளைவு இருபுறமும் ஒன்றுபோல இருப்பதால் 0.75-க்கே பார்க்கிறோம். வால் அட்டவணை 0.2266 தருகிறது. இடப்பக்க வாலும் வலப்பக்க வாலும் சமம் என்பதால் அதுவே விடை. நடு அட்டவணை 0.2734 தருகிறது, விடை 0.5 − 0.2734 = 0.2266. இந்த 0.2734-ஐயும் 0.2266-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழிக்க மறந்தவருக்குத் தன் பிழை தெரியவே தெரியாது. படம் வரைந்து அளவை மட்டும் பார்த்தால்கூட இரண்டும் கிட்டத்தட்ட கால் பங்குதான்.

குவிவு அட்டவணையில் எதிர்மறைப் பக்கம் இருந்தால் −0.75-க்கு 0.2266 நேராகவே கிடைக்கும். நேர்மறைப் பக்கம் மட்டும் இருந்தால் 1 − 0.7734. கழிக்க மறந்து 0.7734 என்று எழுதியவர், சராசரியைவிட வேகமானவர்கள் நூறில் 77 பேர் என்கிறார். மறுபடியும் அந்தப் பிழை தானாகவே வெளியே வந்துவிடுகிறது.

ஆனால் குவிவு அட்டவணைக்கும் ஓர் அமைதியான பொறி உண்டு, அதை மறைக்கக் கூடாது. எதிர்மறைப் பக்கத்தில் −0.7 வரிசை, 0.05 நிரல் என்றால் அது −0.75. நிரலின் எண் பூஜ்யத்திலிருந்து விலகும் திசையில் சேர்கிறது. சிலர் −0.7 + 0.05 = −0.65 என்று கணக்கிட்டு, '−0.75 வேண்டுமானால் −0.8 வரிசையில் 0.05' என்று போய்விடுவார்கள். அங்கே இருப்பது −0.85-க்கான 0.1977. இதுவும் நம்பக்கூடிய எண்தான். தப்பிக்க ஒரு வழி: எதிர்மறை வரிசையில் இடமிருந்து வலமாகப் போகும்போது எண்கள் தேய்கின்றன என்பதைக் கவனியுங்கள். தேய்ந்தால் நாம் வாலை நோக்கிப் போகிறோம், அதாவது z இன்னும் கீழே இறங்குகிறது.

மூன்றாவது, இரண்டு மதிப்புகளுக்கு இடைப்பட்ட பரப்பு. நடு அட்டவணைக்கு இதில்தான் பலவீனம் அதிகம். 56-க்கும் 72-க்கும் இடையே என்றால் இரண்டும் நடுக்கோட்டின் எதிரெதிர்ப் பக்கம், ஆகவே கூட்ட வேண்டும்: 0.2734 + 0.3944 = 0.6678. 66-க்கும் 72-க்கும் இடையே என்றால் இரண்டும் ஒரே பக்கம் (z = 0.50, 1.25), கழிக்க வேண்டும்: 0.3944 − 0.1915 = 0.2029. ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். குவிவில் அந்த முடிவே கிடையாது. பெரிய z-இன் எண்ணிலிருந்து சிறிய z-இன் எண்ணைக் கழி, எப்போதும். 0.8944 − 0.2266 = 0.6678. 0.8944 − 0.6915 = 0.2029. வால் அட்டவணை ஒரே பக்கக் கணக்குக்குச் சுகம் (0.3085 − 0.1056), இரண்டு பக்கம் என்றால் இரண்டு வால்களையும் 1-இலிருந்து வெட்ட வேண்டும்.

நடுவில் ஒரு சிறு விஷயம். 72-க்குப் பதில் 73 விநாடி என்று கேட்டிருந்தால் z = 1.375. அட்டவணையில் இரண்டு தசம இடங்கள்தான். 1.37-க்கு 0.9147, 1.38-க்கு 0.9162. சரிபாதியில் 0.91545 என்று எடுத்தால் போதும், நான்கு இடத்துக்கு அது சரியாகவே இருக்கும். ஒரு பக்கமாக முழுமையாக்கினாலும் இழப்பு ஆயிரத்தில் ஒன்றைத் தொடாது. இதற்காக மண்டையை உடைப்பவர்கள் அந்தக் கவலையை எந்த அட்டவணை என்ற கேள்விக்குக் கொடுத்தால் நல்லது.

வால் அட்டவணை உண்மையாகவே ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: தொலைதூர z. 90 விநாடிக்கு மேல் என்றால் z = 3.5. நான்கு தசம இடக் குவிவு அட்டவணை 0.9998 என்கிறது, கழித்தால் 0.0002. நான்கு இலக்கங்களில் ஒரே ஒரு இலக்கம்தான் மிச்சம். அதிக இடங்களோடு அச்சிட்ட வால் அட்டவணையில் 0.000233 இருக்கும். பத்து லட்சம் பேரில் 200 பேரா, 233 பேரா என்பது இங்கே தெரிகிறது. ஆனாலும் ஒரு எச்சரிக்கை. நேரம் போன்ற அளவுகளில் வலது வால் இயல்நிலை வளைவைவிடத் தடிமனாக இருப்பது சகஜம். மூன்று திட்டவிலக்கத்தைத் தாண்டியபின் அட்டவணையின் ஆறாவது தசமத்தைவிட, பரவல் இயல்நிலைதானா என்ற கேள்விதான் விடையை அதிகம் மாற்றும்.

எனக்குத் தேர்வு தெளிவு. தினசரிப் பயன்பாட்டுக்குக் குவிவு அட்டவணை, எதிர்மறைப் பக்கத்தோடு. விரிதாளில் `=NORM.S.DIST(1.25,TRUE)` என்று போட்டாலும் அதே 0.8944 (இன்னும் சில தசமங்களோடு) வரும் என்பதால் பழக்கம் அங்கும் உதவும். தேர்வுத் தாளோடு நடு அட்டவணைதான் தருகிறார்கள் என்றால் வேறு வழியில்லை. அப்போது ஒவ்வொரு கணக்குக்கும் வளைவை வரைந்து, கேட்ட பரப்புக்கு நிழல் போட்டுவிட்டு, அட்டவணை தந்த பரப்பை வேறு கோடுகளால் அதே படத்திலேயே குறியுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை என்றால் இன்னும் ஒரு கழித்தல் பாக்கி இருக்கிறது. அந்த 0.2734-ஐப் பிடிக்க எனக்குத் தெரிந்து இந்த ஒரு வழிதான்.