உங்கள் கடை வட்ஸ்அப் நம்பருக்கு ஒருக்கால் கோல் எடுத்துப் பாருங்கள்

கடைக்கு வட்ஸ்அப் பிஸ்னஸ் போட்டுத் தந்தவருக்குக் காசு கொடுத்திருந்தால், இதை வாசிக்க முதல் ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்துக் கடைக்காரரின் போனை வாங்கி, உங்கள் கடை விளம்பரத்தில் இருக்கிற நம்பருக்குச் சாதாரண கோல் எடுங்கள். வட்ஸ்அப் கோல் வேண்டாம். மணி உங்கள் கடைக்குள் அடிக்க வேண்டும். வேறெங்காவது அடித்தால், அல்லது போன் அணைத்திருப்பதாகச் சொன்னால், அந்தக் கணக்கு உங்களுடையது அல்ல.

புதுக்குடியிருப்பில் கருவாடும் பனைப்பொருளும் விற்கும் ஒரு கடைக்கு நடந்ததைச் சொன்னால் ஏன் என்று விளங்கும். கடை நடத்துகிற அக்காவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

அவரிடம் பழைய நம்பர் ஒன்று சாதாரண வட்ஸ்அப்பில் இருந்தது, கடைப்பலகையிலும் அதுதான். கணக்குப் போட்டுத்தர வந்தவர், "அக்கா, உங்கட நம்பரில பிஸ்னஸ் போடேலாது, புது நம்பர் வேணும். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்ல, நான் எல்லாம் செய்து தாறன்" என்று சொல்லி 12,000 ரூபா வாங்கினார். செயலியை அக்காவின் போனில் இறக்கினார். நம்பரைப் பதியும்போது வருகிற ஆறு இலக்கக் குறியீடு வந்தது அவரின் சட்டைப்பையில் கிடந்த போனுக்கு. அந்தக் குறியீட்டை அடித்து முடித்ததும் கணக்கு அக்காவின் போனில் திறந்துகொண்டது. சிம் கடைசிவரை கைமாறவே இல்லை.

வட்ஸ்அப் ஒரு தரம் பதிந்துவிட்டால் அந்த சிம் போனுக்குள் இருக்க வேண்டும் என்றில்லை. இணையம் இருந்தால் போதும், செய்தி வரும், போகும். அதனால்தான் மூன்று மாதமாக ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த நம்பரைத்தான் பையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்தார்கள். கோல் எடுத்த வாடிக்கையாளர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. அவர்கள் வட்ஸ்அப்பில் எழுதினார்கள், விஷயம் அதோடு முடிந்தது.

நாலாம் மாதம் "பராமரிப்புக்கு மாதம் 2,500" என்று கேட்டார். அக்கா மறுத்தார். அடுத்த நாள் காலையில் அக்காவின் போனில் கணக்கு வெளியேறியிருந்தது, இந்த நம்பர் வேறொரு போனில் பதியப்பட்டிருக்கிறது என்று திரை சொன்னது. சிம் கையில் இருக்கிறவர் எந்த நேரமும் தன் போனில் பதியலாம், பதிந்த உடனே மற்றப் போன் வெளியே போய்விடும். பொருட்களைப் படத்தோடும் விலையோடும் காட்டுகிற கற்றலொக் கணக்கோடு சேர்ந்தது, எனவே அதுவும் அவரோடு போனது. கடையின் பெயரும் அப்படியே இருந்தது. ரொறன்ரோவில் இருந்து ஒருவர், ஊரில் நடக்கிற தாயின் திவசத்துக்குச் சாமான் கொடுக்கச் சொல்லி வழமைபோல எழுதியிருக்கிறார். பதிலாக ஒரு வங்கிக் கணக்கு இலக்கம் வந்தது, காசும் போட்டார். சாமான் போகவில்லை. திவசம் முடிந்த பிறகு அவர் பலகையில் இருந்த பழைய நம்பருக்குக் கோல் எடுத்துக் கோபப்பட்டபோதுதான் அக்காவுக்கு விஷயம் தெரியவந்தது.

முதல் பொய், சொந்த நம்பரில் போட முடியாது என்றது. தாராளமாகப் போடலாம். ஒரு நம்பர் ஒரே நேரத்தில் சாதாரண வட்ஸ்அப்பிலும் பிஸ்னஸிலும் இருக்க முடியாது, கட்டுப்பாடு அவ்வளவுதான். அதே போனில் பிஸ்னஸ் செயலியை இறக்கிப் பழைய நம்பரைக் கொடுத்தால், பழைய உரையாடல்களையும் கொண்டுவரவா என்று அதுவே கேட்கும். முன்னெச்சரிக்கைக்கு ஒரு பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். வீட்டு ஆக்களின் செய்தி கடையோடு கலக்க வேண்டாம் என்றால், இரண்டு சிம் போடுகிற போனில் இரண்டு செயலியையும் வெவ்வேறு நம்பரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கலாம். கடையின் தொலைபேசி நிலையான இணைப்பாக இருந்தாலும் பதியலாம். குறியீட்டைக் குறுஞ்செய்திக்குப் பதிலாகக் கோலில் கேட்கிற தெரிவு இருக்கிறது. செயலிக்கு ஒரு சதமும் இல்லை.

அக்காவுக்கு அந்த நம்பர் திரும்பக் கிடைக்கவில்லை. சிம் இன்னொருவரின் அடையாள அட்டையில் இருக்கும்போது தொலைபேசி நிறுவனம் அதை உங்களுக்குத் தராது. பொலிசில் முறைப்பாடு கொடுத்தார்கள், 101க்கு அடித்து, இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை CERTக்கும் சொன்னார்கள், வாடிக்கையாளர்களை வைத்து அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்வித்தார்கள். கடையைப் பழைய நம்பரில் புதிதாகத் தொடங்கினார்கள்.

சிம் உங்கள் பெயரில் இருந்தால் நிலைமை வேறு, பயப்படத் தேவையில்லை. ஆனாலும் போட்டுத்தந்தவர் இரண்டு இடத்தில் கை வைத்திருக்கலாம். ஒன்று, Linked devices. அண்ட்ரொய்ட் போனில் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் வரும், ஐபோனில் Settings உள்ளே இருக்கும். அங்கே உங்களுக்குத் தெரியாத கணினி ஒன்று நின்றால் அதைத் தொட்டு வெளியேற்றுங்கள். போனைத் தவிர நாலு கருவி வரை அங்கே இணைக்க முடியும், ஒவ்வொன்றிலும் உங்கள் ஓடர் எல்லாம் தெரியும். மற்றது, Settings இல் Account உள்ளே Two-step verification. அவர் தன் பின் இலக்கத்தையும் தன் மின்னஞ்சலையும் போட்டிருப்பார். கணக்கு உங்கள் போனில் திறந்திருக்கும்போதே இரண்டையும் மாற்றிவிடுங்கள். போன் தொலைந்து புதுப் போனில் பதியப் போனால் அந்தப் பின்னைக் கேட்கும். மறந்துவிட்டது என்று கொடுத்தால் மீட்கிற வழி அவரின் மின்னஞ்சலுக்குத்தான் போகும். அப்போது 7 நாள் பொறுத்திருந்துதான் பின் இல்லாமல் உள்ளே போகலாம். ஒரு ஆறுதல், நீங்கள் குறுஞ்செய்திக் குறியீட்டை அடித்த அந்த நிமிடமே மற்றவர் வெளியே போய்விடுவார், காத்திருக்கும் 7 நாளிலும் அவரால் அதைப் பாவிக்க முடியாது.

திருட்டு ஒரு பக்கம் இருக்க, 12,000 ரூபாவுக்குச் செய்த வேலையும் பிழையான வேலை. அந்த மூன்று மாதத்தில் ஓடர் குறைந்ததற்குக் காரணம் Away message. அதை Always send என்று விட்டிருந்தார். காலை பத்து மணிக்குக் கடையில் ஆள் நிற்கும்போதே "கடை மூடியிருக்கிறது" என்று பதில் போனது. கேட்டவர் வேறு கடைக்குப் போவார்தானே.

சரியான ஒழுங்கு இப்படி. முதலில் பிஸ்னஸ் புரொபைலில் கடை திறக்கிற, பூட்டுகிற நேரத்தை ஒவ்வொரு நாளுக்கும் போடுங்கள். வெள்ளி மத்தியானம் பூட்டினால் அதையும் போடுங்கள். பிறகு Business tools உள்ளே Away message போய், Schedule என்ற இடத்தில் Outside of business hours என்பதைத் தெரியுங்கள். நேரம் போடாவிட்டால் இந்தத் தெரிவு வேலை செய்யாது. யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் Everyone போதும். வீட்டு ஆக்களும் அதே நம்பரில் எழுதுகிறார்கள் என்றால் Everyone not in address book சரி, ஆனால் போனில் பெயர் போட்டுச் சேமித்த பழைய வாடிக்கையாளருக்கு அப்போது பதில் போகாது.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று: உங்கள் போனில் இணையம் இருந்தால்தான் இந்தப் பதில் போகும். டேட்டா மிச்சம் பிடிக்க இரவில் அணைத்துவிட்டுப் படுக்கிற வழக்கம் வன்னியில் பொதுவானது. கனடாவில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் எங்களுக்கு இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. வெளிநாட்டு ஓடர் வருகிற நேரம் அதுதான். அந்த நேரத்தில் டேட்டா அணைந்திருந்தால் Away message எவ்வளவு அழகாக எழுதியிருந்தும் பயனில்லை.

எழுதுகிற வசனத்தில் மூன்று விஷயம் போதும்: எப்போது திறப்பீர்கள், அதற்குள் அவர் என்ன அனுப்பி வைக்கலாம், காசு எப்போது போட வேண்டும்.

```
வணக்கம். கடை காலை 7 மணிக்குத் திறக்கும் (இலங்கை நேரம்).
வேண்டிய சாமான், அளவு, கொடுக்க வேண்டிய ஊர் மூன்றையும்
எழுதி விடுங்கள். காலையில் மொத்த விலை சொல்வோம்.
விலை சொல்ல முதல் காசு போட வேண்டாம்.
```

கடைசி வரியை விடாதீர்கள். கடையின் பெயரில் யாரும் இரவில் காசு கேட்டால் வாடிக்கையாளர் ஒருக்கால் யோசிப்பார்.

கற்றலொக்கில் அவர் போட்ட 38 பொருளுக்கும் படம் இணையத்தில் எடுத்தது. ஒடியலுக்குப் போட்டிருந்தது மரவள்ளிச் சீவல் படம். பார்த்தவுடன் ஊர் ஆட்களுக்குத் தெரியும், கடையின் மேல் நம்பிக்கையும் போய்விடும். வெயில் நேரடியாக விழாத வாசல் பக்கத்தில், வெள்ளைத் துணி விரித்து, நிறுத்துக் கட்டிய பொதியை வைத்து நீங்களே எடுங்கள். ஒரு பொருளுக்குப் பத்துப் படம் வரை போடலாம், இரண்டு போதும்: பொதி ஒன்று, கிட்ட எடுத்தது ஒன்று. பெயரிலேயே நிறையை எழுதுங்கள், "புழுக்கொடியல் 500 கிராம்" என்று. அதே பொருள் ஒரு கிலோவிலும் இருந்தால் அதைத் தனிப் பொருளாகப் போடுங்கள். கருவாட்டின் விலை கடலைப் பொறுத்துக் கிழமைக்குக் கிழமை மாறும், அதற்கு விலைப் பெட்டியை வெறுமையாக விடலாம். பழைய விலை நிற்பதைவிட அது நல்லது. முடிந்துபோன பொருளை அழிக்காமல் மறைத்து வையுங்கள், அடுத்த பருவத்துக்குத் திரும்ப எடுக்கலாம்.

சாராயம், சுருட்டு, மருந்து, உயிர்க்கோழி, ஆடு எதையும் கற்றலொக்கில் போடக் கூடாது. ஒவ்வொரு பொருளையும் வட்ஸ்அப் பரிசீலித்துத்தான் வெளியே காட்டும். மறுத்தால் அந்தப் பொருளில் சிவப்பு ஆச்சரியக்குறி நிற்கும். தேனை "சீனி வருத்தம் மாறும்" என்று எழுதி வைத்திருந்தார்கள், அப்படி எழுத வேண்டாம். எந்தக் காட்டுப் பக்கத் தேன், எத்தனை மில்லிலீற்றர் போத்தல் என்று எழுதினால் போதும்.

அடிக்கடி எழுதுகிற வசனங்களை விரைவுப் பதிலாக 50 வரை சேமிக்கலாம், ஒரு கடைக்கு நாலைந்து போதும். சாய்கோடு அடித்தால் பட்டியல் வரும். குறுக்குச் சொல்லை ஆங்கில எழுத்தில் வையுங்கள், அடிக்க லேசு.

```
/neram    கடை நேரம், பூட்டுகிற நாள்
/anuppu   எந்த ஊருக்கு, எத்தனை நாளில், கூலி எவ்வளவு
/bank     கணக்கு இலக்கம், வங்கி, கிளை, உரிமையாளர் பெயர்
```

வங்கி விவரப் பதிலைப் போட்டுத்தருபவரிடம் எழுத விடாதீர்கள். பாஸ் புத்தகத்தை விரித்து வைத்து நீங்களே அடியுங்கள். அடித்த பின் இன்னொரு ஆள் இலக்கத்தை வாசிக்க, நீங்கள் புத்தகத்தைப் பாருங்கள். உரிமையாளர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும், காசு போடுகிறவர் வங்கிச் செயலியில் பெயரை ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் வழி.

எல்லாம் முடிந்த அன்று இரவு, கடை பூட்டிய பிறகு, உங்கள் போனில் சேமிக்காத ஒரு நம்பரில் இருந்து "ஒடியல் இருக்கா" என்று எழுதிப் பாருங்கள். அடுத்த நாள் பத்து மணிக்கும் அதையே எழுதுங்கள். இரவு பதில் வர வேண்டும், பகல் வரக் கூடாது.

அக்காவின் கடையில் பிழை நம்பர் அடித்த பைகள் இன்னும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. சரியான நம்பரை ஸ்டிக்கரில் அடித்து ஒவ்வொன்றிலும் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டிக்கர் இல்லாத பை வீட்டில் இருந்தால், அதில் அச்சடித்திருக்கிற நம்பரைப் பாவிக்க வேண்டாம். கடைப்பலகையில் இருக்கிற நம்பர்தான் கடையின் நம்பர்.