படத்தில் இரண்டு செஸ் செட்: எது போட்டிக்கு ஆகும்?

முதல் படத்தில் ஸ்டான்டன் பாணிக் காய்கள். ராஜா தலையில் சிலுவை, பிஷப் தலையில் வெட்டு, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. இரண்டாவதில் செதுக்கிய போர்வீரர்கள். அழகுதான், ஆனால் ராணி எது, பிஷப் எது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. போட்டிக்கு ஆகாது.

அதற்காக முதல் செட்டை உடனே நம்பிவிட முடியாது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பரிந்துரையில் ராஜா சுமார் 9.5 செ.மீ. உயரம், கட்டம் 5 முதல் 6 செ.மீ. படத்தில் அளவு தெரியாது, விகிதம்தான் தெரியும். ஒரு கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்கள் அடங்க வேண்டும். இங்கே சிப்பாயின் அடிப்பாகம் கட்டத்தில் பாதிக்கும் குறைவு, சரி. ஆனால் சின்னப் பயணச் செட்டிலும் இதே விகிதம் இருக்கலாம். கட்டத்தின் மேல் ஸ்கேல் வைத்து இன்னொரு படம் கேளுங்கள். 4 செ.மீ. என்றால் விட்டுவிடலாம்.