ஏற்காடு ஏற பேட்டரியை எங்கே செலவழிப்பது: ஆட்டோவா, ஹோல்டா, சார்ஜா?

வீட்டிலும் சார்ஜ் போட்டு, பெட்ரோலிலும் ஓட்டும் பிளக்-இன் ஹைபிரிட் காரில் பேட்டரியை எப்போது செலவழிப்பது என்பதை மோடுதான் தீர்மானிக்கும். சேலத்துக்குள் மட்டும் ஓடும் நாளில் யோசிக்கவே வேண்டாம். அஸ்தம்பட்டி, ஜங்ஷன், செவ்வாய்ப்பேட்டை என்று சுற்றினாலும் 30 கிலோமீட்டருக்கு 5, 6 யூனிட் போதும். இரவில் 15 ஆம்பியர் பிளக்கில் போட்டுவிட்டு, மின்சாரத்தில் மட்டும் ஓடும் இ.வி. மோடிலேயே ஓட்டலாம். ஏசியோடு டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் நின்றால் மட்டும் கூடுதலாக ஒரு யூனிட்டுக்கு மேல் போகும்.

கோயம்புத்தூரிலிருந்து ஏற்காடு வரும் கணக்கு வேறு. 12 யூனிட் பயன்படுத்தக்கூடிய பேட்டரி, இரண்டு டன் வண்டி என்று வைத்துக்கொள்வோம். வண்டியே முடிவெடுக்கட்டும் என்று ஆட்டோ மோடில் விட்டால், பல வண்டிகள் பேட்டரியைத்தான் முதலில் தீர்க்கும். பெருந்துறைக்கு முன்பே காலி. சேலம் நெரிசலில் இன்ஜின் அடிக்கடி ஓடி ஓடி நிற்கும், மலையில் மோட்டாரின் கைகொடுப்பு குறைந்து, வளைவுக்கு வளைவு இன்ஜின் உறுமும்.

சார்ஜ் மோடு இதைவிடத் தண்டம். பெட்ரோலை எரித்து மின்சாரமாக்கி, பேட்டரியில் ஏற்றி, மறுபடி மோட்டாருக்குக் கொடுப்பதில் ஒவ்வொரு படியிலும் இழப்பு. வீட்டில் சார்ஜ் போட மறந்தவருக்குத்தான் அது.

பேட்டரியைத் தொடாமல் இருப்பில் வைத்து இன்ஜினில் ஓடும் ஹோல்டுதான் இங்கே சரி. புறவழிச்சாலையைத் தொட்டதும் போட்டால், சீரான வேகத்தில் இன்ஜின் தனக்குப் பிடித்த வேலையைச் செய்யும். பேட்டரி அளவு ஒன்றிரண்டு சதவீதம் ஏறி இறங்குவது பழுதல்ல. கவனிக்க வேண்டியது சங்ககிரி டீக்கடை: வண்டியை அணைத்து எடுத்தால் பல மாடல்கள் இ.வி.க்கே திரும்பிவிடும். திரையைப் பார்க்காமல் கிளம்பினால் சேமித்ததெல்லாம் சேலம் வருவதற்குள் கரைந்துவிடும்.

கொண்டலாம்பட்டியில் ஹோல்டை எடுத்துவிட்டு இ.வி.; அடிவாரம் வரை இரண்டரை யூனிட் போகும். அதன்பின் மலையையும் பேட்டரியிலேயே ஏறலாம் என்ற ஆசைதான் தவறு. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். இரண்டு டன்னைத் தூக்க மட்டும் 6 யூனிட், உருளும் உராய்வும் இழப்பும் சேர்ந்தால் 10 யூனிட்டைத் தொடும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் கடைசிச் சிலவற்றில் பேட்டரி கைவிட, இத்தனை நேரம் தூங்கி ஆறிய இன்ஜின் முழுப் பாரத்தோடு எழும். அதைவிட அடிவாரத்திலேயே, இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் மோடு போடுவது நல்லது. இன்ஜினின் சூடு இன்னும் போயிருக்காது, வளைவிலிருந்து இழுக்கும் நொடியில் மோட்டார் கைகொடுக்கும்.

மேலே பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருந்தால் ஏரியும் லேடீஸ் சீட்டும் சத்தமில்லாமல் சுற்றலாம். தங்குமிடத்தில் சார்ஜ் கிடைத்தாலும் முக்கால் அளவோடு நிறுத்துங்கள். இறங்கும்போது 3 யூனிட் வரை திரும்ப வரும். பேட்டரி நிரம்பியிருந்தால் அதற்கு இடமில்லை, பிரேக் பேடில் பாரம் கூடும். பாதி மலையில் கருகல் வாடை வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.